சேர்மன் உரையைக் காணொளிக்கு எழுதுவது: ராணிப்பேட்டைக் கணக்கு ஒன்றை வைத்து

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருக்கும் நடுத்தர நிறுவனங்கள் பல இப்போது ஆண்டறிக்கையோடு ஒரு சின்னக் காணொளியும் தயார் செய்கின்றன. பங்குதாரர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், பழைய வியாபாரக் குடும்பத்தினர், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். 150 பக்கப் புத்தகத்தை அவர்கள் திறக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வரும் நாலு நிமிடப் படத்தைப் பார்ப்பார்கள். அந்தப் படத்துக்கான வசனத்தை எழுதும் வேலை பெரும்பாலும் அலுவலகத்தில் தமிழ் கொஞ்சம் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் தலையில் விழும். அப்படி முதல் முறையாக இந்த வேலை வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படப்பிடிப்பு, விளக்கு, ஒலி எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் கையில் இருப்பது எழுத்து மட்டும். அதிலும் சிக்கல் மொழியில் குறைவு, எண்களில்தான் அதிகம்.

ராணிப்பேட்டையில் பதனிட்ட தோலும் ஷூ மேல்பாகமும் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனமும் எண்களும் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. அதன் 2024-25 ஆண்டறிக்கையில் சேர்மன் உரை இப்படித் தொடங்குகிறது:

> சவால்கள் நிறைந்த உலகளாவிய பொருளாதாரச் சூழலுக்கு மத்தியிலும், உங்கள் நிறுவனம் 2024-25 நிதியாண்டில் ₹21,460 இலட்சம் செயல்பாட்டு வருவாயை ஈட்டி, முந்தைய ஆண்டின் ₹19,835 இலட்சத்துடன் ஒப்பிடுகையில் 8.19% வளர்ச்சியைப் பதிவு செய்துள்ளது என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சியடைகிறேன். மூலப்பொருட்களின் விலையேற்றம் மற்றும் சுற்றுச்சூழல் இணக்கச் செலவினங்கள் காரணமாக வரிக்குப் பிந்தைய இலாபம் ₹944 இலட்சமாக (முந்தைய ஆண்டு ₹1,142 இலட்சம்) இருந்தபோதிலும், பங்குதாரர்களின் நலனைக் கருத்தில் கொண்டு இயக்குநர் குழு 30% ஈவுத்தொகையைப் பரிந்துரைத்துள்ளது.

இரண்டே வாக்கியம், ஏழு எண்கள். காதால் கேட்பவருக்கு ஒன்றும் நிற்காது. இதை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம்.

முதலில் எண் பட்டியல், அப்புறம்தான் எழுத்து

எடுத்தவுடன் வாக்கியத்தைத் திருத்த உட்காராதீர்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: எண் எது, ஆண்டறிக்கையில் எந்தப் பக்கம், அறிக்கையில் உள்ளபடி எவ்வளவு, வாயால் எப்படிச் சொல்லப்போகிறோம். வசனத்தில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் இந்தத் தாளில் ஒரு வரி இருக்க வேண்டும். வரி இல்லாத எண் வசனத்தில் இருக்கக் கூடாது. கடைசியில் கம்பெனி செக்ரட்டரி சரிபார்க்கப்போவது இந்தத் தாளைத்தான்.

பட்டியல் போடும்போதே இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, அட்டவணையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பு: ரூபாய் லட்சத்திலா, கோடியிலா, ஆயிரத்திலா என்று. நம் எடுத்துக்காட்டில் லட்சம். அதாவது 21,460 லட்சம் என்பது 214 கோடியே 60 லட்சம். நூறால் வகுத்தால் கோடி, அவ்வளவுதான். ஆனால் அவசரத்தில் ஒரு சைபர் நழுவி 21 கோடி என்றோ 2,146 கோடி என்றோ ஆவது சர்வ சாதாரணம். பிடிக்க எளிய வழி உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்யும் யாரிடமாவது எண்ணைச் சொல்லிப் பாருங்கள். தங்கள் கம்பெனி வியாபாரம் நூறு கோடிகளிலா ஆயிரம் கோடிகளிலா என்று அவர்களுக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது, தனிக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கா என்பது. துணை நிறுவனம் இருந்தால் அறிக்கையில் இரண்டு கணக்கும் அடுத்தடுத்து இருக்கும், தலைப்பைத் தவிர மற்றதெல்லாம் ஒரே மாதிரி தெரியும். விற்பனையை ஒன்றிலிருந்தும் லாபத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துவிட்டால், இரண்டு எண்ணும் தனித்தனியாகச் சரியாக இருக்கும், வசனம் மட்டும் தப்பாக இருக்கும். இந்த மாதிரித் தப்பு யார் கண்ணிலும் எளிதில் படாது. அதனால் தாளின் தலையிலேயே 'தனிக் கணக்கு' என்று எழுதிவிட்டு, எல்லாப் பக்க எண்களும் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மூன்று எண் போதும்

பங்குதாரர் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று கேள்விக்குப் பதில். எவ்வளவு விற்றீர்கள், எவ்வளவு மிஞ்சியது, எனக்கு எவ்வளவு வரும். மற்ற எல்லாம் இந்த மூன்றுக்கும் துணை. கடன் திடீரென்று ஏறியிருந்தாலோ, ஒரு ஆலை மூடியிருந்தாலோ நாலாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் மூன்றோடு நிறுத்துங்கள். நடைமுறை மூலதன விகிதம், வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபம் எல்லாம் புத்தகத்தில் இருக்கட்டும், வேண்டியவர் அங்கே பார்த்துக்கொள்வார்.

விற்பனையிலிருந்து தொடங்குவோம். 214.60 கோடி. வாயால் சொல்லும்போது 'சுமார் 215 கோடி' என்பது சரி. முந்தைய வருஷம் 198.35 கோடி, அதை 'சுமார் 198 கோடி' என்று சொல்லலாம். இரண்டையும் சொல்லிவிட்டு, உண்மையான வித்தியாசமான 16 கோடியையும் சொன்னால் என்ன ஆகும்? கேட்பவர் மனக்கணக்குப் போடுவார்: 215-இல் 198 போனால் 17. ஆற்காட்டு அரிசி மண்டிக்காரர் ஒருவர் பங்குதாரராக இருந்தால் போதும், கூட்டத்தில் எழுந்து கேட்டேவிடுவார். அதனால் தனித்தனியாக முழுமைப்படுத்திய மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. இந்த வருஷத்து எண்ணையும் வித்தியாசத்தையும் மட்டும் குரலில் வையுங்கள். 214.60, 198.35 என்ற துல்லியமான எண்கள் திரையில் இருக்கட்டும்.

லாபம் 9.44 கோடி. 'ஏறக்குறைய ஒன்பதரைக் கோடி' என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். நல்ல எண்ணை மேலே தள்ளுவதும் கெட்ட எண்ணைக் கீழே இழுப்பதும் நமக்குத் தெரியாமலே நடக்கும் வேலை. விற்பனையைச் சுமாராகச் சொன்னால் தப்பில்லை. லாபமும் டிவிடெண்டும் பங்குதாரர் பையோடு சம்பந்தப்பட்டவை, அவற்றை அப்படியே சொல்வது நல்லது. நல்லவேளையாகத் தமிழில் 'ஒன்பது கோடியே நாற்பத்து நாலு லட்சம்' என்பது வாயில் தடுக்காமல் வரும். முந்தைய வருஷம் 11.42 கோடி. குறைவு 1.98 கோடி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு கோடி.

கவனியுங்கள், மூல உரையில் விற்பனை ஏறியதற்கு 8.19% என்று சதவீதம் இருக்கிறது. லாபம் இறங்கியதற்குச் சதவீதமே இல்லை. கணக்குப் போட்டால் அது 17 சதவீதத்துக்கு மேல். இதைச் சேர்மன் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லவில்லை, ஆண்டறிக்கை மொழிக்கே அந்தப் பழக்கம் உண்டு. காணொளியில் ஒன்றுக்குச் சதவீதம் சொன்னால் மற்றதற்கும் சொல்லுங்கள். நானாக இருந்தால் இரண்டுக்கும் சொல்ல மாட்டேன், கோடியிலேயே நிறுத்திவிடுவேன்.

காரணத்தை எண்ணோடு உரசிப் பாருங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். லாபம் ஏன் குறைந்தது என்பதற்கு உரை இரண்டு காரணம் சொல்கிறது, இரண்டையும் ஒரே எடையில் சொல்கிறது: மூலப்பொருள் விலை, சுற்றுச்சூழல் செலவு. லாப நட்டக் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் இவை எவ்வளவு சாப்பிட்டன என்று பாருங்கள். செலவை விற்பனையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைத்துவிடும்.

தோலும் ரசாயனமும் சேர்ந்து முந்தைய வருஷம் 11,107 லட்சம், இந்த வருஷம் 12,447 லட்சம். 100 ரூபாய்க்கு 56 ரூபாயாக இருந்தது 58 ஆகியிருக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவு 365 லட்சத்திலிருந்து 412 லட்சம். 100 ரூபாய்க்கு 1 ரூபாய் 84 காசாக இருந்தது 1 ரூபாய் 92 காசு. ஒன்று இரண்டு ரூபாய் ஏறியிருக்கிறது, மற்றது எட்டுக் காசு. இரண்டையும் 'மற்றும்' போட்டு இணைத்தது வாக்கியத்துக்கு அழகாக இருந்தது, கணக்குக்குப் பொருந்தவில்லை.

வேறு ஊரில் இது சின்ன விஷயமாகப் போய்விடலாம். இங்கே போகாது. பாலாற்றங்கரையில் தோல் கழிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்து, மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் நிலைத்ததில் இந்த மாவட்டத்து வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. கிணற்று நீர் உப்பானதைப் பார்த்த குடும்பங்களும் பங்குதாரர்களில் இருப்பார்கள். சுத்திகரிப்புச் செலவால் லாபம் போயிற்று என்று சேர்மன் முகம் காட்டிச் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், அதுவும் எட்டுக் காசுக்காக.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் நீங்களாகவே வசனத்தை மாற்றிவிடாதீர்கள். அறிக்கை ஏற்கெனவே கையெழுத்தானது. நிதி அதிகாரியிடம் கணக்கைக் காட்டி, “சார், குரலில் தோல் விலையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு, சுத்திகரிப்புச் செலவைத் தனி வாக்கியமாகத் தரலாமா?” என்று கேளுங்கள். அறிக்கையோடு முரண்படாது, முக்கியமான காரணம் முன்னால் வரும். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

முப்பது சதவீதம் என்றால் எதில் முப்பது?

டிவிடெண்ட் 30% என்பது பங்கின் முகமதிப்பில் 30%. முகமதிப்பு 10 ரூபாய் என்றால் ஒரு பங்குக்கு 3 ரூபாய். நிதித்துறையில் இருப்பவருக்கு இது தெரியும். ஆனால் 200 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கியவர் காதில் 30 சதவீதம் என்று விழுந்தால், 60 ரூபாய் வரும் என்று நினைக்கலாம். லாபத்தில் 30 சதவீதம் என்று நினைப்பவரும் உண்டு. இந்த நிறுவனத்துக்கு 60 லட்சம் பங்குகள், மூன்று ரூபாய் வீதம் 1.80 கோடி, அது லாபத்தில் 19 சதவீதம்தான். ஆக இந்த எண்ணை ரூபாயில் மட்டும் சொல்லுங்கள். சதவீதமே வேண்டாம். முந்தைய வருஷம் மூன்றரை ரூபாய் கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், வங்கிக் கணக்கில் ஏறும்போது எப்படியும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. இயக்குநர் குழு பரிந்துரை மட்டுமே செய்கிறது. இறுதி டிவிடெண்டை அறிவிப்பது பொதுக்கூட்டம். 'மூன்று ரூபாய் கொடுக்கிறோம்' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கூட்டத்துக்கு முன்னால் அது உண்மை இல்லை. கூட்டம் ஒத்துக்கொண்டால் 30 நாளுக்குள் பணம் போக வேண்டும் என்பது சட்டம். இது பங்குதாரருக்குப் பயன்படும் செய்தி, தாராளமாகச் சேர்க்கலாம்.

வாய்க்கு ஏற்ற வாக்கியம்

ஆண்டறிக்கைத் தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதற்குள் ஐந்து எச்சங்கள் வரிசை கட்டி நிற்கும். படிப்பவர் கண்ணைப் பின்னால் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம், கேட்பவர் முடியாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, ஒரு எண். 'மேற்கொள்ளப்பட்டுள்ளது' என்பதைச் 'செய்தோம்' ஆக்குங்கள், யார் செய்தது என்பதும் சேர்ந்து வந்துவிடும்.

பேச்சுத் தமிழ் எவ்வளவு? சேர்மனோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, போன வருஷம் எப்படிப் போயிற்று என்று சும்மா பேசவிட்டுக் கேளுங்கள். அவர் 'மிச்சம்' என்கிறாரா, 'மிஞ்சினது' என்கிறாரா, 'நிகர லாபம்' என்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் வாயில் வராத சொல் கேமரா முன்னாலும் வராது. வீட்டில் உருதுவோ தெலுங்கோ பேசுபவராக இருந்தால் நீளமான தமிழ்ச் சொற்களை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.

'நடப்பு ஆண்டு', 'இந்த வருஷம்' இரண்டும் ஆபத்தான சொற்கள். காணொளி ஆகஸ்டில் வெளியாகும், கணக்கோ மார்ச் 31-ஓடு முடிந்தது. 'இந்த வருஷம் லாபம் குறைந்தது' என்றால், இப்போது நடக்கும் வருஷத்தைப் பற்றிச் சேர்மன் ஏதோ சொல்கிறார் என்று ஆகிவிடும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் அது வெறும் குழப்பத்தோடு நிற்காது. 'மார்ச்சில் முடிந்த வருஷம்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அப்புறம் 'அந்த வருஷம்' என்று தொடருங்கள்.

இத்தனையும் சேர்த்தால் வசனம் இப்படி வரும்:

> திரை: சேர்மன், அலுவலக மேசை. கீழே பெயரும் பதவியும்.
> குரல்: எல்லாருக்கும் வணக்கம். 2025 மார்ச்சில் முடிஞ்ச வருஷத்துக் கணக்கைச் சொல்லப்போறேன். எவ்வளவு வித்தோம், எவ்வளவு மிஞ்சுச்சு, உங்களுக்கு எவ்வளவு வரும். இந்த மூணுதான்.
>
> திரை: விற்பனை. 2023-24: ₹198.35 கோடி. 2024-25: ₹214.60 கோடி.
> குரல்: சுமார் இருநூத்திப் பதினஞ்சு கோடிக்கு வித்தோம். அதுக்கு முந்தின வருஷத்தைவிடப் பதினாறு கோடி அதிகம்.
>
> திரை: வரி போக லாபம். 2023-24: ₹11.42 கோடி. 2024-25: ₹9.44 கோடி.
> குரல்: ஆனா லாபம் குறைஞ்சிருக்கு. வரி எல்லாம் போக மிஞ்சினது ஒன்பது கோடியே நாப்பத்து நாலு லட்சம். முந்தின வருஷத்தைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு கோடி கம்மி.
>
> திரை: ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் மூலப்பொருள்: 56 → 58.
> குரல்: முக்கியக் காரணம் தோல் விலை, ரசாயன விலை. நூறு ரூபாய்க்கு வித்தா முன்னால அம்பத்தாறு ரூபாய் சரக்குக்கே போகும். அது அம்பத்தெட்டு ஆயிடுச்சு. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் நாப்பத்தேழு லட்சம் கூடுதலா செலவு பண்ணியிருக்கோம்.
>
> திரை: ஒரு பங்குக்கு ₹3 (பரிந்துரை). முந்தைய ஆண்டு ₹3.50.
> குரல்: பங்குக்கு மூணு ரூபாய் டிவிடெண்ட் கொடுக்கலாம்னு போர்டு சிபாரிசு பண்ணியிருக்கு. போன தடவை மூன்றரை ரூபாய். ஐநூறு பங்கு வச்சிருந்தா ஆயிரத்து ஐநூறு ரூபாய் வரும். பொதுக்கூட்டத்தில நீங்க ஒத்துக்கிட்டா, முப்பது நாளுக்குள்ள பணம் வந்துடும்.

குரலில் எண்களை எழுத்தால் எழுதியிருப்பதைப் பாருங்கள். டெலிபிராம்ப்டரில் 9,44,00,000 என்று ஓடினால் யாருக்கும் நாக்கு குழறும். திரையில் மட்டும் இலக்கம். அதிலும் ஒரு திரைக்கு இரண்டு எண்ணுக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் பார்ப்பது கைப்பேசியில்.

மேலே உள்ள வசனத்தை நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். சொற்களை எண்ணி நேரம் கணக்கிடும் ஆங்கில அளவுகோல் தமிழுக்கு உதவாது, நம் சொற்கள் நீளம். கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. படிக்கும்போது மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

கையெழுத்தும் கடைசிக் கேட்பும்

வசனத்தை முடித்ததும் எண் தாளோடு சேர்த்துக் கம்பெனி செக்ரட்டரிக்கும் நிதி அதிகாரிக்கும் அனுப்பி, அச்சிட்ட பிரதியில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆண்டறிக்கையில் இல்லாத ஒரு எண்ணோ செய்தியோ காணொளியில் முதல் முறையாக வரக் கூடாது, முக்கியமாகப் பட்டியலிட்ட நிறுவனத்தில். 100 ரூபாய்க்கு 58 என்பது அறிக்கை எண்களிலிருந்து நாம் போட்ட கணக்கு. அதையும் எப்படிப் போட்டோம் என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். பொதுக்கூட்டம் வழக்கமாகச் செப்டம்பர் 30-க்குள், நோட்டீஸ் அதற்கு முழுதாக 21 நாள் முன்னால் போக வேண்டும். கணக்கை இயக்குநர் குழு ஏற்றுக்கொண்ட பிறகு எழுதத் தொடங்கினால், நோட்டீஸ் போகும்போது காணொளியும் தயாராக இருக்கும். அதற்கு முன்னால் வரைவுக் கணக்கை வைத்து எழுதினால் இரண்டு முறை எழுத வேண்டியிருக்கும்.

படம் எடுத்து முடிந்ததும், வசனத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒரு முறை கேளுங்கள், எண் தாள் மட்டும் முன்னால் இருக்கட்டும். ஏனென்றால் சேர்மன்கள் கடைசியில் மனசு விட்டு ஒரு வாக்கியம் சேர்ப்பார்கள்: “கவலைப்படாதீங்க, அடுத்த வருஷம் லாபம் பழையபடி வந்துடும்.” நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அது அறிக்கையில் இல்லாத வாக்குறுதி. வெட்டச் சொன்னால் வருத்தப்படுவார், அதனால் மாற்று ஒன்றை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். தோல் வாங்கும் முறையை மாற்றியிருக்கிறோம் என்றோ, புதிய வாடிக்கையாளர் சேர்ந்திருக்கிறார் என்றோ அறிக்கையில் அச்சான செய்தி ஏதாவது இருக்கும். பக்க எண்ணோடு அதைக் காட்டி, “ஐயா, இதைச் சொல்லி முடிச்சுடலாம்” என்றால் மறு டேக்குக்கு ஒத்துக்கொள்வார்.